பிரியாணிக் கையும் போர் தண்ணியும்: சோப்பு எப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்பூரிலிருந்து பார்சலில் வந்த மட்டன் பிரியாணி, கூடவே கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். சாப்பிட்டு முடித்த அக்கா மகள் பின்கட்டுக் குழாயில் கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தால் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி நிற்கிறாள்.

"இன்னா மாமா இது, கழுவக் கழுவ இன்னும் பிசுக்காவுது?"

உண்மையிலேயே அப்படித்தான் ஆகும். சாப்பிடும்போது எண்ணெய் மாதிரி இருந்தது, பச்சைத் தண்ணீர் பட்டதும் மெழுகு மாதிரி இறுகிக்கொள்ளும். ஆட்டுக் கொழுப்பு உருகவே 45 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தட்டில் அது உருகி ஓடியதற்குக் காரணம் பிரியாணியின் சூடு. குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருந்தால் கொழுப்பு விரல் ரேகைகளுக்குள்ளேயே உறைந்துபோகும். நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியின் ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஆட்டுத் தோலிலிருந்து கொழுப்பை எடுப்பது ஒரு தனி வேலை. சரியாக எடுக்காவிட்டால் சாயம் ஏறாமல் தோல் திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பதில் சொல்லத்தான் அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். குற்றம் எண்ணெயின் மேல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் இதில் பிடிவாதம் முழுக்கத் தண்ணீருடையது.

தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் லேசான எதிர்மின் தன்மையும் மறுபக்கம் லேசான நேர்மின் தன்மையும் உண்டு. ஒன்றின் நேர்ப்பக்கம் பக்கத்திலிருப்பதின் எதிர்ப்பக்கத்தை இழுத்துக்கொள்கிறது. இப்படித் தண்ணீர் முழுவதும் கை கோத்த கூட்டமாக இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் அதில் கரைவது, அவற்றுக்கும் அப்படிக் கோத்துக்கொள்ளக் கை இருப்பதால். எண்ணெயின் மூலக்கூறில் இருப்பது பெரும்பாலும் நீளமான கார்பன் சங்கிலி. அதன் மேல் எங்கும் நேர்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அது தண்ணீரைத் தள்ளிவிடுவதில்லை. தண்ணீர்தான் தன் கூட்டத்தின் பிடியை விட்டு எண்ணெயைப் பிடிப்பதில் லாபம் இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது.

'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் துணியால் மெல்லப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பரவாது, குமிழாக எழுந்து நிற்கும். விளிம்பில் இருக்கும் மூலக்கூறுகளை உள்ளே இருப்பவை இழுத்துப் பிடிப்பதால் வரும் உருவம் அது. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறார்கள். தண்ணீருக்கு இது சாதாரணத் திரவங்களிலேயே மிக அதிகம்: அறை வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய்களுக்கு இதில் பாதிகூட இருக்காது.

கையில் இதனால் என்ன ஆகிறது? குழாய்த் தண்ணீர் விரல் மேல் விழுகிறது, கொழுப்புப் படலத்தின் மேல் உருண்டு ஓடிவிடுகிறது. படலத்துக்கும் தோலுக்கும் நடுவே அதனால் நுழைய முடியவில்லை. துணியில் நிலைமை இன்னும் மோசம். பருத்தி நூலுக்குத் தண்ணீர் பிடிக்கும், புது வேட்டி தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது என்று பார்த்தால் தெரியும். ஆனால் குழம்பு சொட்டிய இடத்தில் இழைகளின் சந்துகளை எண்ணெய் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. வேகமாகப் பீய்ச்சினால் போகாதா என்றால், கொஞ்சம் போகும். தேய்த்தாலும் கொஞ்சம் பிரியும். ஆனால் பிரிந்த துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தண்ணீரால் முடியாது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி துணியிலேயே படிந்துவிடும். வாளித் தண்ணீரில் எண்ணெய்த் துண்டை அலசினால் பக்கத்தில் கிடந்த சுத்தமான கர்சீப்பும் பிசுபிசுப்பது இதனால்தான்.

ஆக, வேலைகள் மூன்று. தண்ணீரை எண்ணெயின் அருகே போக வைக்க வேண்டும். எண்ணெயைப் பிடித்த இடத்திலிருந்து பெயர்க்க வேண்டும். பெயர்ந்ததைத் திரும்பி வரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் சலவை கெட்டுப்போவது பெரும்பாலும் அதில்தான்.

சோப்பு எதனால் ஆனது என்று கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். எண்ணெயாலும் கொழுப்பாலும் ஆனது. தேங்காயெண்ணெயோ, பாமாயிலோ, அதே ஆட்டுக் கொழுப்போ, எதை வேண்டுமானாலும் எடுத்துக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால், கொழுப்பு மூலக்கூறு உடைந்து கிளிசரினும் சோப்புமாகப் பிரியும். கொழுப்பின் ஒரு மூலக்கூறில் மூன்று நீளச் சங்கிலிகள் ஒரு முனையில் கட்டப்பட்டிருக்கும். கட்டை அவிழ்த்தால் மூன்றும் தனித்தனியாகி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சோடியம் உப்புத் தலை முளைக்கிறது. வால் பழைய கொழுப்பின் வால்தான், பெரும்பாலும் 12 முதல் 18 கார்பன் நீளம். தலை மட்டும் உப்பின் குணம் கொண்டது, தண்ணீருக்குப் பிடித்தமானது. மொத்த நீளம் 2 அல்லது 3 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நிரப்ப ஏறக்குறைய 4 லட்சம் மூலக்கூறுகளைத் தலைக்கு வால் வரிசையாக வைக்க வேண்டும்.

இப்போது அதே எண்ணெய்த் தட்டுக்கு வாருங்கள். குமிழாக நிற்கும் தண்ணீர்ச் சொட்டைச் சோப்பு தொட்ட ஈர்க்குச்சி நுனியால் லேசாகத் தொடுங்கள். சொட்டு படாரென்று சரிந்து தட்டையாகிப் பரவும். வாலுக்குத் தண்ணீரில் இருக்கப் பிடிக்காது, அதனால் சோப்பு மூலக்கூறுகள் ஓடிப்போய்த் தண்ணீரின் விளிம்பில் அடைகின்றன. தலை தண்ணீரில், வால் வெளியே. விளிம்பில் இருந்த தண்ணீர்க் கூட்டத்தின் இறுக்கம் போய்விடுகிறது. 72 ஆக இருந்த இழுவிசை 30 அளவுக்கு இறங்கிவிடும். முதல் வேலை முடிந்தது: தண்ணீர் எண்ணெயின் மேல் படிந்துவிட்டது.

அடுத்து வால்கள் எண்ணெய்க்குள் இறங்குகின்றன. அவற்றுக்கு அது சொந்த வீடு. தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. அதே சமயம் எண்ணெய்ப் படலத்தின் ஓரத்தில், தோலையோ நூலையோ ஒட்டி, தண்ணீர் மெல்ல உள்ளே புகுகிறது. படலம் ஓரங்களிலிருந்து பின்வாங்கிச் சுருங்கி, பரந்து கிடந்தது உருண்டையாகிறது. உருண்டைக்குத் தரையோடு இருக்கும் பிடிப்பு குறைவு. கையால் தேய்க்கும்போதும் கல்லில் அடிக்கும்போதும் அது கழன்று வந்துவிடும். சோப்பு எண்ணெயைக் கரைக்கிறது என்று பாடப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுகிறோம். நடப்பதில் பெரும்பங்கு இந்த உருட்டல்தான். அதனால்தான் சோப்பு போட்டும் தேய்க்காவிட்டால் பாதி வேலைதான் நடக்கிறது.

மூன்றாவது வேலை. கழன்ற துளியைச் சுற்றி முழுக்கச் சோப்பு வால்கள் குத்தி நிற்கும், வெளிப்புறமெல்லாம் தலைகள். சோடியம் தண்ணீருக்குள் விலகிப்போவதால் ஒவ்வொரு தலையும் எதிர்மின் தன்மையோடு இருக்கும். ஆகவே ஒவ்வொரு துளியும் ஒரே வகை மின்சுமை போர்த்தியது. இரண்டு துளிகள் நெருங்கினால் விலக்கிக்கொள்ளும், சேராது. பருத்தி நூலும் தண்ணீரில் லேசான எதிர்மின் தன்மை கொள்வதால் அதன் மேலும் எளிதில் போய் ஒட்டாது. எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகத் தண்ணீரில் மிதந்து, அலசும்போது சாக்கடைக்குப் போய்விடும். பாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொழுப்புதான் தண்ணீரில் துளித்துளியாக மிதக்கிறது. அங்கே போர்வையாக இருப்பது புரதமும் வேறு சில பொருள்களும், இங்கே சோப்பு. கை கழுவிய தண்ணீர் கலங்கி வெள்ளையாக இருப்பதும் பால் வெள்ளையாக இருப்பதும் ஏறக்குறைய ஒரே காரணத்தால்.

தண்ணீரில் சோப்பு ஓரளவுக்கு மேல் சேர்ந்தால், விளிம்பில் இடமில்லாத மூலக்கூறுகள் ஐம்பது, அறுபது, சில சமயம் நூறு என்று கூடி, வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை வெளியே காட்டும் உருண்டைகளாகின்றன. மிசெல் என்று பெயர். இவற்றின் உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஒளிந்துகொள்ள முடியும். கூடவே, விளிம்பில் சோப்பு செலவாகச் செலவாக எடுத்துக் கொடுக்கும் இருப்பாகவும் அவை இருக்கும். அந்த அளவை எட்டாத மெல்லிய சோப்புத் தண்ணீர் சரியாக வேலை செய்யாது. ஒரு மக் தண்ணீரில் சோப்பை ஒரு முறை முக்கி எடுத்துவிட்டுக் கழுவினேன் என்று சொல்வது அதனால்தான் எடுபடுவதில்லை.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. நுரை அழுக்கை எடுப்பதில்லை. நுரை வருகிறது என்றால் தண்ணீரில் இன்னும் வேலைக்குப் போகாத சோப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் அதிகமுள்ள பாத்திரத்தில் நுரை சட்டென்று அமுங்கினால் சோப்பு தீர்ந்தது, இன்னும் கொஞ்சம் போட வேண்டும். அடையாளமாக மட்டும் நுரையை நம்பலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "சோப்பு போட்டுத்தானே கழுவுறோம், அப்புறம் ஏன் அம்மா துவைக்கிற வேட்டி மட்டும் சாம்பல் கலருல இருக்குது?" அக்கா முறைத்தாள். பதில் அக்காவிடம் இல்லை, போர் தண்ணீரில் இருந்தது.

பழைய வடார்க்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே தெரியும். எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர்: போர் தண்ணீர், குழாயில் விட்டுவிட்டு வரும் காவிரித் தண்ணீர், ஐப்பசியில் மொட்டை மாடியிலிருந்து டிரம்மில் பிடிக்கும் மழைத் தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இதைத்தான் கடினத் தண்ணீர் என்கிறோம், பேச்சில் 'உப்புத் தண்ணி'. சோப்பின் தலைக்கும் சோடியத்துக்கும் உள்ள பிணைப்பு தளர்வானது, அதனால்தான் அது கரைகிறது. கால்சியம் வந்தால் ஒரு கால்சியம் இரண்டு சோப்புத் தலைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உண்டாகும் பொருள் தண்ணீரில் கரையாது. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திரியாக மிதக்கும், பக்கெட்டின் விளிம்பில் வளையமாகப் படியும், துணியில் ஏறிச் சாம்பல் நிறம் கொடுக்கும். அழுக்கை எடுக்க வேண்டிய சோப்பே அழுக்காகிவிடுகிறது.

எவ்வளவு வீணாகிறது என்று அன்று சாயங்காலம் அளந்தே பார்த்தோம். சோப்பை மெல்லியதாகச் சீவி 5 கிராம் எடுத்து அரை லிட்டர் வெந்நீர் மழைத் தண்ணீரில் கரைத்தோம். ஆறினால் கெட்டியாகிவிடும், வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். மூன்று பாட்டில்களில் மூன்று தண்ணீர், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் சோப்புக் கரைசலை ஒவ்வொரு மில்லியாக விட்டு, மூடிக் குலுக்கி, கீழே வைத்து நுரை ஒரு நிமிஷம் நிற்கிறதா என்று பார்ப்பது. மழைத் தண்ணீரில் 1 மில்லியிலேயே நுரை நின்றது. காவிரித் தண்ணீருக்கு 6 மில்லி ஆயிற்று. போர் தண்ணீர்ப் பாட்டிலில் 10 மில்லி விட்ட பிறகும் நுரையில்லை, பால் மாதிரி கலங்கி வெள்ளைத் திரி மிதந்தது. 16 மில்லியில்தான் நுரை நின்றது.

மழைத் தண்ணீருக்கு வேண்டிய 1 மில்லியைக் கழித்தால், வெறுமனே கால்சியத்துக்குப் பலியானது 15 மில்லி. கரைசலில் மில்லிக்கு 10 மில்லிகிராம் சோப்புக் கட்டி, அதில் ஈரமும் மற்றவையும் போக அசல் சோப்பு சுமார் 8 மில்லிகிராம் என்று வைத்தால், 50 மில்லி தண்ணீர் 120 மில்லிகிராம் சோப்பை விழுங்கியிருக்கிறது. லிட்டருக்கு 2.4 கிராம். இதை ஆய்வுக்கூடங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றினால், எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க எல்லை 200, வேறு வழியில்லை என்றால் 600 வரை. ஆக, நாங்கள் நடுவில் இருக்கிறோம். சிரிஞ்சும் பாட்டிலும் கொண்டு செய்த அளவு, அதனால் பத்து சதவீதம் அங்கே இங்கே இருக்கலாம்.

15 லிட்டர் வாளி ஒன்றுக்கு என்ன கணக்கு? 36 கிராம் அசல் சோப்பு. கட்டிக் கணக்கில் 45 கிராம், கடையில் வாங்கும் 100 கிராம் கட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு துணியைக்கூட நனைப்பதற்கு முன்னால், வாளித் தண்ணீரைச் சரிக்கட்டவே அவ்வளவு போய்விடும். இதைக் கேட்ட அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனாலும் போர் தண்ணீரில் ஊர் முழுக்கத் துவைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? நாம் யாரும் வாளி முழுக்கச் சோப்பைக் கரைப்பதில்லை. ஈரத்துணியில் கட்டியை நேராகத் தேய்க்கிறோம். அந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம், சோப்பு நிறைய. கால்சியம் தோற்றுப்போகிறது, எண்ணெய் கழன்றுவிடுகிறது. சிக்கல் அலசும்போது வருகிறது. சோப்பேறிய துணியைப் புதுப் போர் தண்ணீரில் போட்டதும் மிச்சமிருந்த சோப்பு முழுக்க அந்தக் கணமே நூலிலேயே திரியாகிப் படிகிறது. வாரம் ஒரு முறை என்று வருஷம் முழுக்கப் படிந்தால் வேட்டி சாம்பல் நிறமாகும், துண்டு முறுக்கு மாதிரி விறைக்கும். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்வதுதான் பழக்கம், ஆனால் அதற்குள் படிய வேண்டியது படிந்திருக்கும்.

இன்னொரு வழி சலவை சோடா. அதன் கார்பனேட்டு கால்சியத்தை முந்திப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாக அடியில் தள்ளிவிடும், சோப்பு தப்பிக்கும். 400 கடினத்தன்மையுள்ள 15 லிட்டருக்கு ஈரமில்லாத பொடியாக 6 அல்லது 7 கிராம், பளபளப்பான படிகமாக இருந்தால் 17 கிராம் போதும். தூள் அடங்கச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும். பருத்திக்கு இது நல்லது. பட்டுக்கும் கம்பளிக்கும் கூடாது, காரம் இழையைக் கெடுக்கும்.

துணி துவைக்கும் பவுடர்களில் சோடா ஏற்கெனவே கலந்திருக்கும். அவற்றில் உள்ள செயற்கைச் சோப்பின் தலையும் வேறு மாதிரி, கந்தகம் சேர்ந்த தலை. கால்சியம் அதைப் பிடித்தாலும் சோப்பைப் போலத் திரித்துத் தள்ளிவிட முடியாது. போர் தண்ணீர் உள்ள ஊர்களில் கட்டிச் சோப்பைப் பவுடர் ஓரங்கட்டியதில் விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கோ, சுண்ணாம்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இதே வேலையை வேறு மூலக்கூறால் செய்கின்றன. அவற்றில் உள்ள சபோனினுக்குத் தலை சர்க்கரைச் சங்கிலி. கால்சியத்துக்கு அதில் பிடிக்க அவ்வளவாக ஒன்றுமில்லை, அதனால் போர் தண்ணீரிலும் திரிவதில்லை. காரமும் இல்லை. பட்டுப் புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசச் சொன்ன பாட்டிமார் சரியாகத்தான் சொன்னார்கள். அழுந்தப் பிடித்த கொழுப்பை எடுக்கும் அளவுக்குப் பலம் அதற்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளாவி. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து ஆவியில் அவிப்பார்கள். உவர்மண்ணில் வேலை செய்வது பெரும்பாலும் சலவை சோடாதான். சட்டைக் காலரில் ஏறும் உடம்பு எண்ணெயில் ஒரு பங்கு, ஏற்கெனவே கட்டு அவிழ்ந்த கொழுப்பு அமிலமாக இருக்கும். சோடாவும் சூடும் பட்டதும் அது அந்த இடத்திலேயே சோப்பாக மாறிவிடும். அழுக்கின் ஒரு பகுதி சோப்பாகி மீதி அழுக்கைக் கிளப்புகிறது. சோப்பு வாங்காமலே சோப்பு.

சூடு எவ்வளவு உதவுகிறது என்று பார்க்கப் பழைய வேட்டியில் நான்கு துண்டு கிழித்து, ஒவ்வொன்றிலும் பிரியாணி அடியில் உறைந்த கொழுப்பைத் தடவி, ஒரு மணி நேரம் விட்டுத் துவைத்தோம். பச்சைத் தண்ணீர் மட்டும் பட்ட துண்டு ஏறக்குறைய அப்படியே இருந்தது. கை பொறுக்கும் வெந்நீர் பட்டதில் கறை வெளிறியது, ஆனால் அகலமாகிவிட்டது: கொழுப்பு உருகி ஓடியிருக்கிறது, போகவில்லை. பச்சைத் தண்ணீரும் சோப்பும் பட்டதில் பாதிக்கு மேல் போயிற்று. வெந்நீரும் சோப்பும் பட்டதை உலர்த்தி வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஈரத்துணியில் எண்ணெய்க் கறை ஒளிந்துகொள்ளும். காய்ந்தபின் சன்னல் பக்கம் பிடித்தால் எண்ணெய் உள்ள இடம் மட்டும் கண்ணாடி போல ஒளியை விடும். டேனரியில் இந்த வெந்நீர்ச் சுகம் கிடைக்காது. பச்சைத் தோல் சூட்டில் சுருங்கிவிடும் என்பதால் வெதுவெதுப்புக்கு மேல் போக முடியாது, மீதி வேலையைச் சோப்பு வகைச் சரக்கும் டிரம்மின் சுழற்சியும் செய்ய வேண்டும்.

அந்த நான்காவது துண்டில் கொழுப்பு போனாலும் மஞ்சள் போகவில்லை. சோப்பு பட்ட நேரத்தில் அது சிவந்ததைப் பார்த்து அக்கா மகள் பயந்துவிட்டாள். மஞ்சள் தூளின் நிறம் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். அது எண்ணெய் இல்லை, நூலில் ஏறிய சாயம். அதை உருட்டிக் கழற்ற முடியாது. வெயிலில் ஈரமாகக் காயப்போட்டால் மெல்ல வெளிறும். எண்ணெய்க் கறையோடு துணியை இஸ்திரி போடுவது பெரிய தப்பு. சூட்டிலும் காற்றிலும் சமையல் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிசின் மாதிரி ஆகிவிடும், பிறகு சோப்பின் வால் அதற்குள் இறங்காது.

சைக்கிள் கடையில் செயின் கிரீஸ் பட்ட கைக்கு அவர்கள் முதலில் சோப்பு போடுவதில்லை. கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துத் துணியில் துடைத்த பிறகுதான் சோப்பு. கிரீஸ் கெட்டியானது, சோப்பு அதை உருட்டப் பார்த்தால் நகராது. எண்ணெய் அதற்குள் கலந்து இளக்கிவிடும், இளகியதைச் சோப்பு எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு எண்ணெய் மேல் எண்ணெய் பூசுவது மாதிரித் தெரிந்தாலும் முறை சரியானது. மண்ணெண்ணெயும் இதைச் செய்யும், ஆனால் தோலின் சொந்த எண்ணெயையும் உறிஞ்சிவிடும். சோப்பும் அதிகமானால் அதையேதான் செய்கிறது. அதற்கு எது பிரியாணிக் கொழுப்பு, எது நம் தோலின் காப்பு என்று தெரியாது.

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைப்பார்களே, அதைப் பற்றியும் கேட்டாள். வெந்நீர் கொழுப்பை இளக்கும். எலுமிச்சை மீன் வாடைக்கும் கறி வாடைக்கும் நல்லது. பிசுக்கை அது எடுக்காது. அதைவிட, எலுமிச்சை பிழிந்த கையோடு போய்ச் சோப்பு போட்டால் முதலில் நுரையே வராது. புளிப்பு சோப்பின் உப்புத் தலையைப் பறித்து, அதைத் தண்ணீரில் கரையாத கொழுப்பு அமிலமாக்கிவிடும், ஏறக்குறைய அது புறப்பட்ட இடத்துக்கே. மிச்சமிருந்த சோப்புக் கரைசலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து காட்டினேன். நிமிஷத்தில் வெள்ளையாகத் திரண்டு மேலே ஏறியது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அய்யே, மறுபடியும் பிசுக்கு" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்கு ஓடினாள். இந்த முறை முதலில் எலுமிச்சையைத் தண்ணீரில் அலம்பிவிட்டு, அப்புறம்தான் சோப்பை எடுத்தாள்.